வைஃபையும் மொபைல் டேட்டாவும் ஒரே இணைப்பில்

2013 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 7-ஐ வெளியிட்டது. அதிலிருந்து, சிரியிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வீட்டை விட்டுத் தெருவுக்கு இறங்கினாலும் பேச்சு பாதியில் நிற்காமல் போக வழி பிறந்தது. வைஃபை தேயத் தேய, அதே இணைப்பை மொபைல் டேட்டா தாங்கிக்கொண்டது. இதைச் செய்தது மல்டிபாத் டிசிபி என்ற விதிமுறை.

சாதாரண டிசிபி ஏன் அறுந்துபோகிறது? அதில் ஓர் இணைப்புக்கு அடையாளம் நான்கு எண்கள்: நம் ஐபி முகவரி, நம் போர்ட் எண், சர்வரின் ஐபி முகவரி, சர்வரின் போர்ட் எண். வைஃபையில் நமக்கு ஒரு முகவரி, மொபைல் டேட்டாவில் வேறொன்று. நான்கில் ஒன்று மாறினாலும் சர்வர் அதைப் புது ஆளாகத்தான் பார்க்கும். அதனால்தான் வாசலைத் தாண்டியதும் பல ஆப்கள் ஒரு நொடி திணறி, முதலிலிருந்து இணைகின்றன.

மல்டிபாத்தில் போன் வைஃபை வழியாக முதல் பாக்கெட்டை அனுப்பும்போதே, 'எனக்கு இது தெரியும்' என்று அதன் தலைப்பில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறது. சர்வருக்கும் தெரிந்திருந்தால் அதே குறிப்போடு பதில் வரும். இருவரும் ரகசிய எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். பிறகு மொபைல் டேட்டா வழியாகப் போன் இரண்டாவது பாதையைத் திறக்கும்போது, அந்த எண்களிலிருந்து கணக்கிட்ட அடையாளத்தைக் காட்டி, 'ஏற்கெனவே இருக்கும் இணைப்பில் என்னையும் சேர்' என்கிறது. அடையாளம் பொருந்தாவிட்டால் சர்வர் மறுத்துவிடும். கண்டவர் நடுவில் புகுந்து ஒட்டிக்கொள்ள முடியாது.

ஒரு படம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒட்டுமொத்த எண்வரிசையில் 1 முதல் 5,000 வரையான பைட்டுகள் வைஃபையில், 5,001 முதல் 8,000 வரை மொபைலில் கிளம்புகின்றன. 3,000 வரை வந்து சேர்ந்ததாகச் சர்வர் சொன்ன நிலையில் வைஃபை போய்விடுகிறது. போன் 3,001 முதல் 5,000 வரை உள்ளதை மொபைல் வழியாக மறுபடி அனுப்பும். சர்வர் எண்களைப் பார்த்து வரிசையாகக் கோத்து ஆப்புக்குக் கொடுக்கும். பாதை மாறியதே ஆப்புக்குத் தெரியாது. இது போக, ஒவ்வொரு பாதைக்கும் தனி எண்வரிசையும் உண்டு. ஒரே வரிசையை இரண்டு பாதையில் பிரித்து அனுப்பினால் நடுவில் எண்கள் விடுபட்டதாகத் தோன்றும்; வழியில் உள்ள ஃபயர்வால்கள் சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும்.

இரண்டும் சேர்ந்தால் வேகம் இரட்டிப்பாகும் என்பதுதான் பலருடைய ஆசை. எப்போதும் அப்படி நடக்காது. வைஃபை பாக்கெட் 20 மில்லிநொடியிலும் மொபைல் பாக்கெட் 90 மில்லிநொடியிலும் வந்தால், முன்னே வந்தது பின்னே வருவதற்காகக் காத்துக்கிடக்க வேண்டும். காத்திருக்கும் இடம் நிரம்பினால் நல்ல பாதையும் நின்றுவிடும். பாதைகள் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் இரண்டைவிட ஒன்றே மேல். மொபைல் டேட்டா தீர்வது தனிக் கவலை. 2017-இல் ஐஓஎஸ் 11 மூலம் மற்ற ஆப்களுக்கும் ஆப்பிள் இதைத் திறந்துவிட்டபோது, வேகத்துக்காக இரண்டையும் கூட்டும் முறையைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டது. ஆப்பிளின் அந்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது. இந்த விதிமுறையின் உண்மையான பயன் அறுபடாமை.

சிரிக்கு இது எளிதாக அமைந்ததற்குக் காரணம், போன், சர்வர் இரண்டும் ஆப்பிளுடையவை. மற்ற இடங்களில் போன் கேட்கும், சர்வருக்குப் புரியாது. அப்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது, இணைப்பு சத்தமில்லாமல் சாதாரண டிசிபியாக இறங்கிவிடும். வழியில் உள்ள ஏதேனும் கருவி அந்தக் குறிப்பை நீக்கினாலும் இதே கதைதான். இன்னொரு சிக்கலும் உண்டு: பெரிய தளங்களில் பல சர்வர்களுக்கு வேலையைப் பங்கிடும் லோட் பேலன்சர், இரண்டாவது பாதையை வேறொரு சர்வரிடம் தள்ளிவிடும். அந்தச் சர்வருக்கு அடையாளம் தெரியாது, துரத்திவிடும்.

தென்கொரியாவின் கேடி நிறுவனம் 2015-இல் இதற்கொரு குறுக்குவழி கண்டது. போனுக்கும் இணையத்துக்கும் நடுவே தன் சொந்தச் சர்வரை வைத்தது. போனிலிருந்து அதுவரை இரண்டு பாதை. அங்கிருந்து மற்ற தளங்களுக்குச் சாதாரண டிசிபி.

சர்வர் நடத்துபவர்களுக்கு இன்று வேலை குறைவு. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் இது கெர்னலிலேயே இருக்கிறது. இரண்டு கட்டளைகள் போதும்:

```
sysctl net.mptcp.enabled
ss -M
```

முதலாவது 1 என்று காட்டினால் கெர்னல் தயார். இரண்டாவது, தற்போது நடக்கும் மல்டிபாத் இணைப்புகளைப் பட்டியலிடும். கெர்னல் தயாராக இருந்தும் பட்டியல் எப்போதும் காலியாகவே இருந்தால், சர்வரில் ஓடும் மென்பொருள் மல்டிபாத் இணைப்பைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கேட்காவிட்டால் கெர்னல் தானாகத் தருவதில்லை.