படுதாவில் இருந்த படிக்கட்டு

அப்பத்தாவின் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 1958இல், கல்யாணத்துக்கு முன், சாத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. நாலுக்கு ஆறு அங்குலம். முகத்துக்குச் சேதமில்லை. ஆனால் படம் முழுக்க மஞ்சளாகி வெளிறியிருந்தது. வலது மேல்மூலை கிழிந்து, துண்டும் தொலைந்துபோயிருந்தது. சென்ற கோடை விடுமுறையில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

கிழிசலின் ஓரத்தில் யாரோ செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். அதைப் பிய்க்கவில்லை, பிய்த்தால் உருவம் பதிந்திருக்கும் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், கலரில் ஸ்கேன் செய்தேன். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் எதற்கு என்று கேட்கலாம். பழைய படங்களில் உருவமாக நிற்பது நுண்ணிய வெள்ளித் துகள். காலப்போக்கில் ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் பட்டு அது மஞ்சள் பழுப்பாகிவிடும். மஞ்சள், நீல ஒளியை விழுங்கும் நிறம். அதனால் ஸ்கேனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பார்த்தால், மங்கிப்போன உருவம் நீலத்தில்தான் அழுத்தமாகத் தெரியும். கண்ணுக்கு மறைந்திருந்த ரவிக்கைக் கையின் மடிப்பு அதில் கிடைத்தது. டேப்பின் கறையும் மஞ்சள்தானே. அதுவும் நீலத்தில் கருத்துத் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் சிவப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பின்னணி. இடப்பக்கம் ஒரு தூணும், அதை ஒட்டிக் கைப்பிடிச் சுவரும் இருந்தன. அந்தத் தூணை நகலெடுத்துக் கண்ணாடிபோல் திருப்பி, வலப்பக்கம் ஒட்டினேன். எனக்கு அழகாகவே பட்டது. பிரிண்ட் போட்டுக் காட்டினேன்.

அப்பத்தா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஏய்யா, இந்தப் பக்கம் ஏதுய்யா தூணு? படிக்கட்டுல்ல இருந்துச்சு. நெசமோன்னு தொட்டுப் பாத்தேன், துணி."

பிறகுதான் என் பிழை எனக்கே தெரிந்தது. ஓவியர் தூணின் இடது விளிம்பில் வெளிச்சமும் வலது விளிம்பில் நிழலும் தீட்டியிருந்தார். நான் திருப்பி ஒட்டிய தூணில் நிழல் இடப்பக்கம் விழுந்தது. ஒரே மாடத்தில் இரண்டு சூரியன்!

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் பின்னால் தொங்கியது படுதா, நாடகத்துக்குத் தீட்டுவதுபோலவே துணியில் தீட்டிய காட்சி. காலண்டர் சாமி படங்களால் ஊரறிந்த கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தவர்தான். ஸ்டுடியோக்காரர் ஒரு படுதாவை எளிதில் மாற்ற மாட்டார். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். அப்படியானால் தொலைந்த மூலையைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வேறொரு வீட்டு ஆல்பத்தில் அது பத்திரமாக இருக்கும்.

இருந்தது. சின்ன அப்பத்தா வீட்டுப் படத்தில் அதே தூண், அதே சுவர். வலப்பக்கம் மேலே ஏறிப் போகும் படிக்கட்டு.

அதை அப்படியே வெட்டி ஒட்ட முடியாது. இரண்டு படங்களிலும் கேமரா நின்ற தூரம் வேறு. இரண்டிலும் தெரியும் சுவரின் முதல் தூணிலிருந்து ஐந்தாம் தூண்வரை அளந்தேன்: எங்கள் படத்தில் 420 புள்ளி, அவர்கள் படத்தில் 350. ஆகவே படிக்கட்டை 120 சதவீதமாகப் பெரிதாக்கினேன். எங்கள் படத்தில் படுதா சற்று மங்கலாக விழுந்திருந்ததால் படிக்கட்டையும் அதே அளவு மங்கலாக்கினேன். அப்போதும் ஒட்டுப்போட்டது தெரிந்தது. அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. சுற்றிலும் இருந்த பொடிப்பொடியான புள்ளி அதில் இல்லை. அந்தப் பொடியையும் தூவிய பிறகே படிக்கட்டு துணிக்குள் போய் உட்கார்ந்தது.

ஒன்றை மட்டும் தொடவில்லை. கிழிசல் அப்பத்தாவின் இடது தோளில் சேலைக்கரையையும் ஒரு விரல்கடை தின்றிருந்தது. படுதா ஊருக்கே பொது. அந்தச் சேலை அவருடையது மட்டும். அந்தக் கரை வேறெந்தப் படத்திலும் இல்லை. அங்கே பூவோ கட்டமோ போடாமல், சேலையின் நிறத்தை மட்டும் நிரப்பி விட்டுவிட்டேன்.

புதுப் படம் சுவரில் மாட்டியாகிவிட்டது. பழையதை ஒரு காகித உறையில் போட்டு, வெளியே எழுதி வைத்திருக்கிறேன்: "படிக்கட்டு, சின்ன அப்பத்தா படத்திலிருந்து. தோள்கரை தெரியவில்லை."