கழற்றிய ஃபிளாஞ்சைப் புரட்டிப் பாருங்கள்

பெருங்குடல் அடைப்புக்காக அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு, தன் வயிற்றில் பை வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்திருக்காது. ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கும், டாக்டரும் சொல்லியிருப்பார், வலியில் துடிப்பவர் காதில் அது விழுந்திருக்காது. மயக்கம் தெளிந்து பார்த்தால் இடப்பக்க அடிவயிற்றில் ஒரு பை. அதற்குள் சிவப்பாக ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது. குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா. பெருங்குடலிலிருந்து வந்தால் அதற்கு கொலாஸ்டமி என்று பெயர். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும். சிலருக்குச் சில மாதங்களுக்கு மட்டும், சிலருக்கு ஆயுள் முழுவதும்.

வார்டுகளில் வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்து, ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் செல்வி. வயது 48. வீட்டு வாசலில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள் ஆகியும் அவர் போர்வையை விலக்கி வயிற்றைப் பார்க்கவில்லை. மகள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். நர்ஸ் பக்கத்தில் வந்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

அவர் பார்க்காவிட்டாலும் நர்ஸ் பார்த்தாக வேண்டும். முதல் சில நாட்களுக்குப் போடும் பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருப்பது அதற்காகத்தான். ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது டார்ச் அடித்து நிறத்தைப் பார்ப்பார்கள். நல்ல ஸ்டோமா நம் வாயின் உட்கன்னம்போல இருக்கும்: சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு, எப்போதும் ஈரம், லேசான பளபளப்பு. வெளிறிப்போயிருந்தால் ரத்தசோகை இருக்கலாம். கருஞ்சிவப்பாக, ஊதாவாக, கறுப்பாக மாறினால் அந்தக் குடல் முனைக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்று பொருள். இது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் தெரிந்துவிடும். அப்போது அறுவை மருத்துவர் வழவழப்பான ஜெல் தடவிய கண்ணாடிச் சோதனைக்குழாய் ஒன்றை மெதுவாக உள்ளே செலுத்தி, டார்ச் வெளிச்சத்தில் கறுப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார். மேல்நுனி மட்டும் என்றால் பொறுத்திருந்து கவனிக்கலாம். வயிற்றுச் சுவரையும் தாண்டிப் போயிருந்தால் மறுபடி அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கும்.

நிறத்துக்கு அடுத்தது உயரமும் தையலும். கொலாஸ்டமி தோலுக்கு மேலே ஒரு சென்டிமீட்டராவது எழும்பி நின்றால் மலம் நேராகப் பைக்குள் விழும். தோலோடு தோலாகப் படிந்தோ உள்ளே இழுத்துக்கொண்டோ இருந்தால் கசியும். குடலையும் தோலையும் சேர்த்த தையல் எங்காவது பிரிந்து இடைவெளி விட்டிருக்கிறதா என்பதையும் சுற்றிலும் பார்க்க வேண்டும். மலம் உடனே வராது. முதலில் காற்றுதான் வரும். பை திடீரென்று உப்பினால் மகள் பதறுவாள். வார்டில் அது நல்ல செய்தி. குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம்.

செல்வி மூன்றாம் நாள் கேட்ட முதல் கேள்வி: “வலிக்குமா சிஸ்டர்?”

“தொட்டா வலிக்காதுக்கா. வெளியில இருக்கிற தோல்தான் வலிக்கும். இதைப் பஞ்சால துடைச்சாக்கூட உங்களுக்குத் தெரியாது.”

ஆறுதலுக்காகச் சொன்ன பொய் இல்லை இது. தோலில் இருப்பதுபோல, தொட்டாலும் வெட்டினாலும் வலியைச் சொல்லும் நரம்புகள் குடலின் உட்பரப்பில் இல்லை. இழுத்தால், உப்பினால்தான் குடலுக்குத் தெரியும். இந்தச் செய்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஃபிளாஞ்சின் விளிம்பு ஸ்டோமாவை அறுத்துக்கொண்டிருந்தாலும் நோயாளிக்கு வலிக்காது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பார்க்கப் பழகுவது அதனால்தான் கட்டாயமாகிறது. துடைக்கும்போது இரண்டொரு சொட்டு ரத்தம் துணியில் ஒட்டுவது சகஜம். ரத்தம் நிற்காமல் வந்தாலும், குடலின் உள்ளிருந்து வந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பயந்தவருக்கு எதை முதலில் கற்றுக்கொடுப்பது? பல இடங்களில் பை மாற்றும் முழு வேலையையும் ஒரே தடவையில் செய்துகாட்டிவிட்டு, “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். புரிந்தது என்று தலையாட்டுவது மகள். இதில் எனக்கு உடன்பாடில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகும், வேலைக்குப் போவாள். அதைவிட, தன் மலத்தை இன்னொருவர் அள்ளுகிறார் என்ற கூச்சம் நோயாளியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். முதலில் கற்க வேண்டியது பையைக் காலி செய்வது. அதற்கு ஸ்டோமாவைப் பார்க்கவே வேண்டாம். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும், கழிப்பறையில் உட்கார்ந்து, பையின் கீழ்வாயைத் திறந்து, உள்ளே இருப்பதை இறக்கி, வாயை உள்ளும் புறமும் துடைத்து, கிளிப்பைப் போட வேண்டும். செல்வி நான்காம் நாள் அதைத் தானே செய்தார். கை பழகிய பிறகு கண் தானாக அங்கே போனது. ஐந்தாம் நாள் நர்ஸ் ஃபிளாஞ்சைக் கழற்றும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அந்த நேரத்தில் நர்ஸ் மூக்கைச் சுளிக்காமல் இருந்ததும் பாடத்தில் சேர்த்திதான்.

ஃபிளாஞ்ச் என்பது தோலில் ஒட்டும் தட்டு. அதன் நடுவில் ஸ்டோமாவின் அளவுக்கு ஓட்டை வெட்டி ஒட்டி, அதன்மேல் பையை மாட்ட வேண்டும். பழையதை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்தபடி மெல்ல உரிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட் தோலைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெய், பவுடர், எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு எதைத் தடவினாலும் அடுத்த ஃபிளாஞ்ச் ஒட்டாது. தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, மேலே உள்ளங்கையை வைத்து ஒன்றிரண்டு நிமிடம் சூடு கொடுத்தால் பசை நன்றாகப் பிடிக்கும். மூன்றிலிருந்து ஐந்து நாள்வரை விடலாம். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் நடுவில் மலம் வந்து தொந்தரவு செய்வது குறைவு.

எல்லாம் ஓட்டையின் அளவில்தான் இருக்கிறது. ஸ்டோமாவின் விட்டத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் பெரிதாக வெட்ட வேண்டும். அதைவிடச் சிறியதானால் குடலை அறுக்கும். பெரியதானால் இடையில் தெரியும் தோலில் மலம் படும். செல்விக்கு ஆஸ்பத்திரியில் அளந்தபோது ஸ்டோமா 38 மி.மீ. நர்ஸ் 40 மி.மீ. ஓட்டை வெட்டிக் காட்டினார். அதே அளவில் ஓர் அட்டையும் வெட்டிக் கொடுத்தார். மகள் அதை வைத்தே வெட்டி வந்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் தோல் எரிய ஆரம்பித்தது. பை ஒரு நாள்கூட நிற்கவில்லை. சேலையெல்லாம் நாற்றம். செல்வி மாவு விற்பதை நிறுத்திவிட்டார். “இந்தக் கையால அரைச்ச மாவை யாரு வாங்குவா?” என்றார். வீட்டில் செய்த வைத்தியம், ஸ்டோமா பேஸ்ட் வாங்கி நிறையப் பூசி, ஃபிளாஞ்சைச் சுற்றிலும் பிளாஸ்டர் ஒட்டியது. பேஸ்ட் என்பது பசை அல்ல. பள்ளத்தை நிரப்பும் பொருள். அதிகம் பூசினால் ஒட்டும் இடம் குறையும். பிளாஸ்டர் கசிவை நிறுத்துவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிறது. அதற்கடியில் தோல் வெந்துகொண்டிருக்கும்.

ஸ்டோமா நர்ஸ் முதலில் கேட்டது கழற்றிய ஃபிளாஞ்சை. அதைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மலம் பட்ட இடத்தில் பசை கரைந்து வெளுத்திருக்கும். எந்தப் பக்கம் கசிகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். செல்வியுடையதில் ஓட்டையைச் சுற்றி வளையமாகக் கரைந்திருந்தது. தோலிலும் அதே வளையம், சிவந்து நீர் கசிந்தபடி. அளந்து பார்த்தால் ஸ்டோமா 30 மி.மீ. அறுவைக்குப் பிந்தைய வீக்கம் ஆறிலிருந்து எட்டு வாரம்வரை வற்றிக்கொண்டே வரும். ஸ்டோமா சுருங்கிவிட்டது, அட்டை சுருங்கவில்லை. சுற்றிலும் 5 மி.மீ. தோல் மலத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஓட்டையை 32க்கு மாற்றினார்கள். நீர் கசியும் தோலில் மட்டும் ஸ்டோமா பவுடரை மெல்லத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டினார்கள்.

ஒரு வாரத்தில் வளையம் ஆறியது. ஆனால் கசிவு முழுதாக நிற்கவில்லை. இந்த முறை ஃபிளாஞ்சின் பின்பக்கத்தில் ஒரே ஒரு கோடு, ஓட்டையிலிருந்து வெளிவிளிம்புவரை, கடிகாரத்தில் 9 மணி காட்டும் பக்கமாக. நர்ஸ் அவரைப் படுக்கவைத்துப் பார்த்தார். வயிறு சமமாக இருந்தது. உட்காரச் சொன்னார். பாவாடை நாடா கட்டும் தடத்தில் ஒரு மடிப்பு விழுந்து ஸ்டோமாவின் பக்கவாட்டில் ஓடியது. கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து மாவு தள்ளும்போதெல்லாம் அந்த மடிப்பு வாய்க்காலாகிவிடுகிறது.

முன்கூட்டித் திட்டமிட்ட அறுவையாக இருந்தால், நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, மடிப்பும் பாவாடை நாடாவும் வேட்டி மடிப்பும் படாத, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முதல் நாளே மார்க்கர் பேனாவால் குறித்திருப்பார்கள். நள்ளிரவு அவசரத்தில் பல நேரம் அதற்கு வழியிருக்காது. செல்விக்கு அந்த மடிப்பில் மட்டும் பேஸ்டை நீளமாக நிரப்பி, ஸ்டோமா பெல்ட் போட்டு, பாவாடை நாடாவைப் பைக்கு மேலே கட்டச் சொன்னார்கள். ஃபிளாஞ்ச் நான்கு நாள் நின்றது. இதிலும் நிற்காதவர்களுக்கு, நடுப்பகுதி உள்நோக்கிக் குவிந்த ஃபிளாஞ்ச் இருக்கிறது. அதை நர்ஸ் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செல்வி பிறகு கேட்டவை வேறு கேள்விகள். குளிக்கலாமா? குளிக்கலாம், பையோடும் பையில்லாமலும். தண்ணீர் உள்ளே போகாது. சமைக்கலாமா, சாமி கும்பிடலாமா? சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும், உங்கள் கைக்கும் மற்றவர் கைக்கும் வித்தியாசமில்லை. நாற்றம்? சரியாக ஒட்டிய பையிலிருந்து வெளியே வராது. வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அவர் மறுபடி மாவு விற்கத் தொடங்கியது இந்தப் பதில்களால் என்பதைவிட, நான்கு நாள் நின்ற ஃபிளாஞ்சினால் என்றே நான் நினைக்கிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. ஸ்டோமா கறுத்தால், வாந்தியோடு வயிறு உப்பி மலமும் காற்றும் நின்றுபோனால், குடல் வழக்கத்தைவிட நீளமாக வெளியே இறங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிவந்த தோலைச் சுற்றித் தள்ளித் தள்ளிச் சின்னப் புள்ளிகள் அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கு மருந்து எழுதி வாங்க வேண்டும்.

வீட்டில் ஸ்டோமா உள்ளவர் இருந்தால் முதல் எட்டு வாரமும் வாரம் ஒருமுறை அளந்து, பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். எரிச்சல் வந்தால் ஐந்து நாள் ஆகட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கழற்றுங்கள். கழற்றியதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கழுவாமல் அப்படியே ஒரு கவரில் போட்டு, ஸ்டோமா நர்ஸிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.