‘வண்டிச் செலவு’ என்று எழுதுங்கள், ‘வாழ்வில் ஒளி’ வேண்டாம்

சிறிய அறக்கட்டளைகளின் துண்டறிக்கைகளை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள், முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுபவர்கள், ஊர்க் குளத்தைத் தூர்வாருபவர்கள் என வேலைகள் வேறு வேறாக இருக்கும். ‘எங்கள் நோக்கம்’ என்ற தலைப்பின் கீழே மட்டும் ஏறக்குறைய ஒரே வரி இருக்கும்: “நலிந்த மக்களின் வாழ்வில் ஒளியேற்றி, வளமான சமுதாயத்தை உருவாக்குதல்.” மேலே உள்ள பெயரை மறைத்துவிட்டால் அது யாருடைய நோக்கம் என்று சொல்ல முடியாது. நல்ல வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே மறைத்துவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த வரி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அறக்கட்டளைப் பத்திரத்திலிருந்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் அந்தப் பத்திரத்தில் ‘நோக்கங்கள்’ என்றொரு பகுதி இருக்கும். வழக்கறிஞரோ ஆடிட்டரோ அதை வேண்டுமென்றே அகலமாக எழுதுவார். ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், பொதுநலன் என்று வருமான வரிச் சட்டம் அறப்பணியாக ஏற்கும் எல்லாமே அதில் இடம்பெறும். அதற்குக் காரணம் உண்டு. பத்திரத்தில் எழுதிய நோக்கங்களைப் பின்னால் மாற்றுவது சிரமம். மாற்றினால் வருமான வரித் துறையிடம் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். நாளைக்கு எந்த வேலை வந்தாலும் செய்ய இடம் இருக்கட்டும் என்பதுதான் பத்திரத்தின் கணக்கு. நோக்க அறிக்கை, ஆங்கிலப் பழக்கத்தில் ‘மிஷன் ஸ்டேட்மெண்ட்’ என்கிறோமே, அதன் கணக்கு நேர் எதிரானது. இன்றைக்கு எதைச் செய்கிறோம், எதைச் செய்யவில்லை என்று சொல்வதற்காகவே அதை எழுதுகிறோம். பத்திரம் சட்டத்துக்கு, நோக்க அறிக்கை மனிதர்களுக்கு. முன்னதைப் பார்த்துப் பின்னதை நகலெடுக்கும்போதே தவறு தொடங்கிவிடுகிறது.

ஓர் உதாரணத்தை வைத்து முழுக்கப் பார்ப்போம். ஒரத்தநாடு பக்கம் ஆறேழு பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகம் செயலிழந்து, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு உதவுகிறார்கள். அவர்கள் எழுதிய முதல் வரைவு இது: “நலிந்த சிறுநீரக நோயாளிகளின் உடல்நலத்தையும் வாழ்வாதாரத்தையும் மேம்படுத்துதல்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கேள்வி கேட்டால் நிற்காது. உடல்நலத்தை மேம்படுத்துவது யார்? மருத்துவர், செவிலியர், டயாலிசிஸ் இயந்திரம். அறக்கட்டளை இல்லை. சிகிச்சைச் செலவைக் கொடுக்கிறார்களா? அதுவும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. வாழ்வாதாரமா? வேலை எதுவும் வாங்கித் தரவில்லை. அப்படியானால் உண்மையில் செய்வது என்ன?

இந்தக் கேள்விக்கு அறங்காவலர்கள் கூடத்தில் உட்கார்ந்து பதில் எழுதக் கூடாது. வரவு செலவு நோட்டை எடுத்து, பணம் எதற்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி வண்டி வாடகைக்குப் போயிருக்கும். கொஞ்சம் சாப்பாட்டுக்கு. ஏன் வண்டி? டயாலிசிஸ் ஒரு நாளோடு முடிகிற சிகிச்சை அல்ல. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்குப் படுத்திருக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் உப்பும் தேங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். காலையில் பஸ் பிடித்து வந்துவிடுபவர்கள்கூட முடிந்து எழும்போது தளர்ந்துபோயிருப்பார்கள். பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். ஆனால் எல்லாக் கிராமத்துக்கும் நேரத்துக்கு அந்தப் பேருந்து இல்லை. இருந்தாலும் டயாலிசிஸ் முடித்தவரால் கூட்டத்தில் நின்றுகொண்டு வர முடியாது. 108 அவசரத்துக்கு வரும், வாரா வாரம் வராது. ஆக, சிகிச்சை இலவசம், போய்வருவதுதான் செலவு. காசில்லாத வாரத்தில் ‘அடுத்த முறை பார்த்துக்கலாம்’ என்று நோயாளியே வீட்டில் இருந்துவிடுகிறார். இந்த அறக்கட்டளை அடைக்கும் ஓட்டை அதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதுவது இப்படி வரும்:

“ஒரத்தநாடு வட்டாரத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்கு வருபவர்களுக்கு, வீடு திரும்பும் வண்டிச் செலவைக் கொடுக்கிறோம். கூட வருபவருக்கு மதியச் சாப்பாடு தருகிறோம். வண்டிக்குக் காசில்லை என்ற காரணத்தால் யாருக்கும் டயாலிசிஸ் தவறக் கூடாது என்பதற்காக இதைச் செய்கிறோம்.”

இதில் ஒளி இல்லை, சமுதாயம் இல்லை. ஆனால் படிப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஐந்நூறு ரூபாய் கொடுக்க நினைப்பவருக்கு அது எங்கே போகும் என்று தெரிகிறது. டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் செவிலியருக்கு யாரை அனுப்பிவைக்கலாம் என்று தெரிகிறது.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இந்த வரைவில் இருக்கின்றன. ஒன்று, வினை. முதல் வரைவு ‘மேம்படுத்துதல்’ என்று முடிந்தது. ஊக்குவித்தல், வழிவகுத்தல், உருவாக்குதல் என்று தொழிற்பெயரில் முடியும் வாக்கியத்துக்கு ஆள் கிடையாது, காலம் கிடையாது. யார் செய்கிறார், எப்போது செய்கிறார் என்று யாரும் கேட்க முடியாது. ‘உருவாக்குவோம்’ என்று எதிர்காலத்தில் முடித்தால் மேடைச் சூளுரையாகிவிடும். ‘கொடுக்கிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். கொடுக்காதவர் அந்தச் சொல்லை எழுதத் தயங்குவார். ‘வழங்கப்படும்’ என்ற அலுவலக நடையும் வேண்டாம், அதிலும் ஆள் ஒளிந்துகொள்கிறார்.

இன்னொன்று, நீளம். குறிப்பாக எழுத நினைப்பவர்கள் எல்லா விவரத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கப் பார்ப்பார்கள். தமிழில் அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால் வரும், வினை கடைசியில் வரும். ‘ஒரத்தநாடு வட்டாரத்தில் வசிக்கும், தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும், வண்டிச் செலவுக்குச் சிரமப்படும் நோயாளிகளுக்கு…’ என்று போனால் வினை வருவதற்குள் படிப்பவர் தலைப்பை மறந்திருப்பார். இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுபடியும் ‘நலிந்தோர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஓடுகிறார்கள். அதற்கு வழி வாக்கியத்தை உடைப்பதுதான். நோக்க அறிக்கை ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. யாருக்கு என்ன என்பது ஒரு வாக்கியம், ஏன் என்பது இன்னொன்று. சத்தமாக வாசிக்கும்போது மூச்சு வாங்காத அளவு போதும்.

நிதிக்காக ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. ‘அதிகாரமளித்தல்’, ‘நிலைத்த வளர்ச்சி’ போன்றவை அப்படி வந்து உட்கார்ந்தவை. ஆங்கிலத்திலாவது அவற்றைப் படிக்கப் பழகியவர்கள் உண்டு. டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்தத் தாளை நீட்டினால், அது தனக்கானது என்றே அவருக்குத் தெரியாது. தமிழில் முதலில் எழுதுங்கள். நிறுவனங்களுக்கு ஆங்கிலம் தேவையென்றால் அதிலிருந்து செய்துகொள்ளலாம்.

மூன்று வாக்கியங்களை எழுதுவது எளிது. அவற்றோடு வாழ்வதுதான் கடினம். அடுத்த கூட்டத்தில் ஒரு அறங்காவலர், நோயாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை வாங்கிக் கொடுக்கலாமே என்பார். இன்னொருவர் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்பார். படத்தோடு செய்தி வரும். தனியார் மருத்துவமனைக்குப் போகும் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லியும் கேட்பார்கள். பழைய வரைவு இவை எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று சொல்லியிருக்கும். புதியது மூன்றுக்கும் ‘இல்லை’ என்கிறது. எதற்கும் ‘இல்லை’ சொல்லாத நோக்க அறிக்கை எழுதப்படவே இல்லை என்றுதான் பொருள். சீருடைக்கு வேறொருவரிடம் அனுப்பிவையுங்கள். உங்கள் பணம் குறைவு, அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டிக்கு அது வேண்டும்.

அறிக்கையின் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். டயாலிசிஸ் தவறவே கூடாது என்று அது சொல்லவில்லை. காய்ச்சல் வந்து தவறலாம், வீட்டில் சாவு விழுந்து தவறலாம். அவை அறக்கட்டளையின் கையில் இல்லை. வண்டிக்குக் காசில்லாமல் தவறக் கூடாது என்பதுதான் வாக்கு. இதனால் சரிபார்ப்பதும் எளிதாகிறது. யாராவது வராவிட்டால் மறுநாள் போன் செய்து ஏன் என்று கேட்டு நோட்டில் குறிக்க வேண்டும். காரணம் வண்டிச் செலவு என்றால் அது அறக்கட்டளையின் தோல்வி. ஆண்டு முடிவில் அந்தக் குறிப்புகளை எண்ணினால் வேலை எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். ‘உயிர் காக்கிறோம்’ என்று எழுதியிருந்தால் எதை எண்ணுவது?

இத்தனை பேருக்கு உதவுகிறோம் என்ற எண்ணிக்கையை மட்டும் நோக்க அறிக்கையில் சேர்க்க வேண்டாம். அது நிதியைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். ஆண்டுத் திட்டத்தில் இருக்கட்டும். ஊர்ப் பெயரும் மருத்துவமனைப் பெயரும் இருக்க வேண்டும். வட்டாரத்திலேயே ஒரு டயாலிசிஸ் மையம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போது திருத்தி எழுதலாம். பத்திரத்தைப் போல இதைத் திருத்த எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை, அறங்காவலர் கூட்டத் தீர்மானம் போதும்.

இப்படிக் குறுகலாக எழுதினால் நன்கொடை குறையாதா என்ற பயம் நியாயமானது. பல திட்டங்கள் கொண்ட அமைப்பைத் தேடும் பெரிய நிறுவனம் உங்களைத் தாண்டிப் போகக்கூடும். ஆனால் குறிப்பாக இருப்பது வளர்ச்சிக்குத் தடை என்று நினைக்க வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். எல்லா நோயையும் போக்குவதாக அது சொல்லவில்லை. சிகிச்சை கிடைத்தால் தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்ற ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது. கண்புரை அறுவைச் சிகிச்சையில் உலகமே அறிந்த பெயராக அது பிறகு வளர்ந்தது.

நீங்கள் ஓர் அறக்கட்டளையில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். எழுதிய வரைவை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், நீங்கள் உதவுகிறவர்களில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘ஆதரவற்றோர்’, ‘பயனாளிகள்’ போன்ற சொற்களில் அவர் முகம் சுருங்கினால் அவற்றை அடித்துவிடுங்கள். வாசித்து முடித்த பிறகு, “சரி, நீங்க என்ன பண்றீங்க?” என்று அவர் கேட்டால், மறுபடியும் உட்கார்ந்து எழுதுங்கள்.