தொப்பி துவைக்கும் முன் விளிம்பைச் சுண்டுங்கள்

கிரிக்கெட் தொப்பியைக் கெடுப்பது பெரும்பாலும் அழுக்கு அல்ல, துவைக்கும் முறைதான். முதலில் முன்விளிம்பை விரலால் சுண்டிப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் தகடு இருந்தால் ‘டக்’கென்று கேட்கும், லேசாக வளைத்து விட்டால் உடனே நிமிரும். சத்தம் மொத்தையாக இருந்து, வளைத்த இடத்தில் மடிப்பு விழுந்தால் அது அட்டை. பழைய தொப்பிகளில் அட்டைதான் அதிகம். அதைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஊறினால் நைந்துவிடும், மறுபடி நிமிராது. அழுக்குள்ள இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பிளாஸ்டிக் விளிம்பு என்றால் தைரியமாக நனைக்கலாம். அதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையலைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒட்டாவிட்டால், அரை வாளி பச்சைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஷாம்பு கலந்து அரை மணி நேரம் ஊறவிடலாம். வெந்நீர் வேண்டாம், பருத்தி சுருங்கிவிடும். உள்ளே நெற்றியைத் தொடும் பட்டையில்தான் வியர்வை உப்பும் தலை எண்ணெயும் படிந்திருக்கும். அங்கே மட்டும் பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நுரை போக அலசுங்கள்.

பிழியவே கூடாது. துண்டால் ஒற்றியெடுத்து, தலையளவுள்ள பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் ஒரு பக்கம் இழுத்து, உச்சி கோணிவிடும்.

தலைத்துணிக்கு இவ்வளவு பாடு இல்லை. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, ஓரங்களை நேராக்கிப் பரப்பிக் காயவைத்தால் சரி.