குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சலுகை போடும் முன்

தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான் மக்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறக்கிறார்கள். அங்கே ‘50% தள்ளுபடி’ என்று ஃபார்வர்டு வந்து விழுந்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் அதே குழுவில் பக்கத்து பிளாக்காரர் விற்கும் மாம்பழம் ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது.

அட்மின் குழுவிலிருந்து நீக்கினால் இழப்பு அந்தக் குழுவோடு போயிற்று. ரிப்போர்ட் அப்படியல்ல. ஒருவர் உங்களை ரிப்போர்ட் செய்தால், நீங்கள் அவருக்கு அனுப்பிய கடைசி 5 செய்திகள் வரை வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். அது உங்களுக்குத் தெரியவும் வராது. பலர் செய்தால் கணக்கே முடங்கலாம். குழுவிலிருக்கும் எண்களை எடுத்துத் தனித்தனியாக விளம்பரம் அனுப்புவதுதான் இதை வரவழைக்கும் பெரிய தவறு. குழுவில் சேர எண் கொடுத்தவர் வியாபாரத்துக்காகக் கொடுக்கவில்லை. கேட்காமல் இன்னொரு குழுவில் சேர்ப்பதும் இதே ரகம்.

முதலில் அட்மினிடம் கேளுங்கள். பல குழுக்களில் விற்பனைக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அனுமதி கிடைத்ததும் ஃபார்வர்டு செய்யாமல் நீங்களே எழுதுங்கள். இப்படி:

“வணக்கம், நான் பி-204. கிருஷ்ணகிரியில் எங்கள் தோட்டத்து பங்கனப்பள்ளி மாம்பழம் சனிக்கிழமை வருகிறது. 5 கிலோ பெட்டி 450 ரூபாய், மொத்தம் 20 பெட்டி. வேண்டுவோர் வியாழன் இரவுக்குள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.”

வீட்டு எண் இருப்பதால் ஆள் யாரென்று தெரிகிறது. விலை இருப்பதால் ‘எவ்வளவு?’ என்று பத்துப் பேர் கேட்க வேண்டியதில்லை. பதில்கள் தனியாக வருவதால் தண்ணீர் லாரி செய்தி கீழே புதைந்து போவதும் இல்லை. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சலுகை பிடிக்காமல் வரும் புகாரைவிட, ‘எனக்கு ஒண்ணு’, ‘எனக்கு ரெண்டு’ என்று நாள் முழுக்க போன் அடிப்பதால் வரும் புகார் அதிகம் என்பேன்.

பெட்டிகள் தீர்ந்ததும் ‘முடிந்தது, நன்றி’ என்று ஒரே வரி போதும். நடுவில் நினைவூட்டல் வேண்டாம். அதை ஸ்டேட்டஸில் வையுங்கள், 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். கடையின் ரெஃபரல் லிங்க் என்றால், அதனால் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்பதையும் எழுதிவிடுங்கள். அது பின்னால் தெரியவந்தால், அடுத்த முறை நல்ல சலுகை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வீட்டில் சமைத்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து வாங்கிய 14 இலக்க எண்ணையும் சேர்த்துப் போடலாம்.

விற்பனையே கூடாது என்பது குழு விதியானால் வாதாட வேண்டாம். விருப்பமுள்ளவர்களுக்கென்று தனியே ஒரு விற்பனைக் குழு தொடங்க அட்மினிடம் அனுமதி கேளுங்கள். அதற்கும் யாரையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். லிங்க் மட்டும் கொடுங்கள், வருகிறவர்கள் வரட்டும்.