ஐந்தாம் ஆண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த 116 மில்லியன் வெள்ளி

கடந்த பருவத்தில் நிதியியல் பாடத்துக்காக எங்கள் குழு ஒரு கற்பனைத் திட்டத்தை மதிப்பிட்டது. ஜூரோங்கில் குளிர்பதனக் கிடங்கு கட்ட இன்று 100 மில்லியன் வெள்ளி முதலீடு. முதல் ஐந்து ஆண்டுகளில் கையில் மிஞ்சும் ரொக்கம் முறையே 6, 7, 8, 9, 10 மில்லியன். முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் ஆண்டுக்கு 8 விழுக்காடு. திட்டம் லாபமா, நட்டமா?

நாளைய வெள்ளி இன்றைய வெள்ளியைவிட மதிப்புக் குறைந்தது. எனவே, ஒவ்வோர் ஆண்டின் ரொக்கத்தையும் அந்த 8 விழுக்காட்டைக் கொண்டு இன்றைய மதிப்புக்கு மாற்றினோம். அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைப்பதுதான் நிகர இன்றைய மதிப்பு. ஐந்து ஆண்டு ரொக்கத்தின் இன்றைய மதிப்பு 31.3 மில்லியன் மட்டுமே. அத்துடன் நிறுத்தினால் பெரும் நட்டம். ஆனால், கிடங்கு ஐந்தாம் ஆண்டுடன் மூடப்படுவதில்லையே!

அதற்குப் பிந்திய எல்லா ஆண்டுகளையும் ஒரே தொகையாகச் சுருக்குவதுதான் இறுதி மதிப்பு. ரொக்கம் ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடிக்கொண்டே முடிவின்றி வரும் என்று வைத்துக்கொண்டோம். சூத்திரம் இதுதான்:

TV = CF × (1 + g) / (r − g)

CF என்பது ஐந்தாம் ஆண்டு ரொக்கம், g வளர்ச்சி, r எதிர்பார்க்கும் வருவாய். ஆறாம் ஆண்டு ரொக்கம் 10.2 மில்லியன். அதை 0.06ஆல் வகுத்தால் 170 மில்லியன்.

இது ஏன் சரி? 170 மில்லியனை 8 விழுக்காட்டில் போட்டு வைத்தால் ஓர் ஆண்டில் 13.6 மில்லியன் கிடைக்கும். அதில் 10.2ஐ எடுத்துக்கொண்டால் மீதி 3.4 மில்லியன். அது 170இல் சரியாக 2 விழுக்காடு. எனவே, அடுத்த ஆண்டு 2 விழுக்காடு கூடுதலாக எடுக்கலாம், அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. முதல் என்றும் தீராது.

இந்த 170 மில்லியன் ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு. ஆறாம் ஆண்டு ரொக்கத்தைப் பயன்படுத்தியதால் எங்களில் ஒருவர் அதை ஆறு ஆண்டுகளுக்குக் கழித்துவிட்டார். அந்த ஒரு தவற்றால் 8.6 மில்லியன் காணாமல் போனது. சரியாக ஐந்து ஆண்டுகளுக்குக் கழித்தால் இன்றைய மதிப்பு 115.7 மில்லியன். நிகர மதிப்பு 47 மில்லியன் லாபம். நாங்கள் மகிழ்ந்தோம்.

படைப்பின்போது விரிவுரையாளர் கேட்டார்: “மொத்த மதிப்பில் எத்தனை விழுக்காடு ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வருகிறது?” கணக்கிட்டுப் பார்த்தால் 79 விழுக்காடு. நாங்கள் வாரக்கணக்கில் ஆராய்ந்த ஐந்து ஆண்டுகள் வெறும் 21 விழுக்காடு. அந்த ஐந்து ஆண்டு ரொக்கத்தை 10 விழுக்காடு தவறாகக் கணித்திருந்தாலும் அந்த ஆண்டுகளின் இன்றைய மதிப்பில் மாறுவது 3 மில்லியன்தான். ஆனால், g 2 விழுக்காட்டுக்குப் பதிலாக 3 விழுக்காடு என்று ஒரே கட்டத்தில் மாற்றினால் லாபம் 47இலிருந்து 71.5 மில்லியனுக்குத் தாவுகிறது. வகுக்கும் எண் 6 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகச் சுருங்குவதே காரணம். r, g இரண்டும் நெருங்க நெருங்க விடை வானத்தை எட்டும். நாட்டின் பொருளியலைவிட வேகமாக ஒரு கிடங்கு என்றென்றும் வளர முடியாது என்பதால் g எப்போதும் அடக்கமாகவே இருக்க வேண்டும்.

அடுத்த கேள்விதான் எங்களை வாயடைக்க வைத்தது. “நிலம் எத்தனை ஆண்டுக்கு உங்களுடையது?”

சிங்கப்பூரில் தொழிற்பேட்டை நிலம் பெரும்பாலும் 20 அல்லது 30 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கிறது. குத்தகை முடிந்தால் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். “முடிவின்றி” என்ற எங்கள் அனுமானத்துக்கு அங்கே இடமே இல்லை. அப்போது 170 மில்லியனை இதனால் பெருக்க வேண்டும்:

1 − ((1 + g) / (1 + r))^n

n என்பது ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு மீதமுள்ள ஆண்டுகள். 30 ஆண்டுக் குத்தகையில் அது 25. இறுதி மதிப்பு 129 மில்லியனாகக் குறைந்து, லாபம் 19 மில்லியனாகிறது. 20 ஆண்டுக் குத்தகையில் n வெறும் 15. இறுதி மதிப்பு 98 மில்லியன். திட்டமே 2 மில்லியன் நட்டத்தில் முடிகிறது. இத்தனைக்கும், கட்டடத்தை இடித்து நிலத்தை ஒப்படைக்கும் செலவை நாங்கள் இன்னும் சேர்க்கவில்லை.

அதே கிடங்கு, அதே ரொக்கம். 47 மில்லியன் லாபமும் 2 மில்லியன் நட்டமும் ஒரே எக்செல் தாளில்தான் இருந்தன. இப்போதெல்லாம் ஒரு திட்டத்தின் மதிப்பீட்டைப் பார்த்தால், நான் முதலில் தேடுவது கடைசி வரியைத்தான்: இறுதி மதிப்பு எவ்வளவு, எந்த g, அந்த வருமானம் உண்மையில் எந்த ஆண்டுவரை வரும்?