ரிப்போர்ட் நார்மல், எரிச்சல் மட்டும் போகவில்லை

சிறுநீர்ப் பரிசோதனையில் கோளாறு இல்லை. ஸ்கேன் சரியாக இருக்கிறது. வெள்ளைப்படுதலை எடுத்துப் பார்த்ததிலும் கிருமி எதுவும் தென்படவில்லை. ஆனாலும் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் மிளகாய் பட்டதுபோல் எரிகிறது. பார்வைக்குத் தோல் இயல்பாக இருந்து, வேறு காரணமும் பிடிபடாமல், இந்த எரிச்சலோ வலியோ மூன்று மாதங்களாவது நீடித்தால் மருத்துவர்கள் அதை வல்வோடைனியா என்கிறார்கள். சிலருக்கு நாள் முழுக்க எரியும். சிலருக்கு எதுவும் படாதவரை ஒன்றும் தெரியாது, தொட்டால் மட்டும் வலிக்கும். இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுவது இந்த இரண்டாவது வகைதான். வலிக்கும் இடமும் சிறியது, யோனியின் வாசலைச் சுற்றியுள்ள மென்மையான ஓரம் மட்டுமே.

பல பெண்கள் சொல்வதைச் சேர்த்து, கலா என்ற ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 28, திருமணமாகி இரண்டு ஆண்டுகள். முதல் ஆண்டு எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை பூஞ்சைத் தொற்று வந்தது. அரிப்பும் தயிர்த்திப்பிபோன்ற வெள்ளைப்படுதலும் இருந்தன, மருந்தில் சரியாயின. அதற்குப் பின் வந்தது வேறு மாதிரி. அரிப்பு இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை. உறவின்போது வாசலிலேயே சுருக்கென்று எரிந்தது. ஜீன்ஸ் போட்டு வண்டியில் உட்கார்ந்தாலும் எரிந்தது. வீட்டில் "உடம்புச் சூடு, மோர் குடி" என்றார்கள். மருந்துக் கடையில் பழைய பூஞ்சைக் கிரீமையே திரும்பத் திரும்ப வாங்கிப் பூசினாள். சுத்தம் போதவில்லையோ என்று வாசனைத் திரவம் போட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவினாள். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

இங்கேதான் பலரும் மாதக்கணக்கில் வழி தவறிப்போகிறார்கள். பூஞ்சை என்றால் பூஞ்சை மருந்துக்கு அடங்க வேண்டும். மருந்து பூசியும் அடங்காமல், கல்ச்சர் பரிசோதனையிலும் பூஞ்சை வளரவில்லை என்றால், அதே கிரீமைத் தொடர்வதில் பயனில்லை. கிரீமில் கலந்துள்ள பொருள்களும், சோப்பும், கிருமிநாசினியும், தினமும் வைக்கும் வாசனை நாப்கினும் ஏற்கெனவே நொந்த தோலை மேலும் நோகடிக்கும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கும் கருவி மிக எளியது, ஈரப்படுத்திய ஒரு பஞ்சுக் குச்சி. டாக்டர் முதலில் கலாவின் தொடையின் உட்புறத்தை அதால் தொடுவார், பிறகு வெளி இதழ்களை. அங்கெல்லாம் வலி பூஜ்யம். அடுத்து வாசலின் ஓரத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக மெல்லத் தொட்டு, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்பார். 12 மணி இடத்தில் இரண்டு என்கிறாள் கலா. கீழ்ப்பகுதியில் 5, 7 மணி இடங்களில் தொட்டதும் எட்டு என்று துள்ளுகிறாள். வலியின் வரைபடம் கிடைத்துவிட்டது. இந்தச் சோதனைக்கு உள்ளே எதையும் செலுத்த வேண்டியதில்லை என்பதால் திருமணமாகாத பெண்களும் தயங்காமல் செய்துகொள்ளலாம். தேவைப்பட்டால், அனுமதி கேட்டு ஒரு விரலால் இடுப்புத்தள தசைகளையும் டாக்டர் சோதிப்பார். கலாவுக்கு அவை இறுகிக் கிடக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாமல் எப்படி வலிக்கும்? இப்படிப்பட்ட சில பெண்களின் வாசல் ஓரத்துத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வலியைக் கடத்தும் நரம்பு நுனிகள் வழக்கத்தைவிட அடர்ந்திருந்தன. மீண்டும் மீண்டும் வரும் தொற்று, ஹார்மோன் குறைவு, பிறவி அமைப்பு என அதற்குப் பல வழிகள் இருக்கலாம். வலிக்குமே என்ற அச்சத்தில் தசை தானாக இறுகுகிறது, இறுகிய தசை வலியைக் கூட்டுகிறது. அதாவது வலி உண்மையானது, மனப்பிரமை அல்ல.

சிகிச்சையின் முதல் படி, நிறுத்துவது. கலா வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைக்கிறாள். பருத்தி உள்ளாடைக்கு மாறுகிறாள். வறட்சி தெரிந்தால் வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெய் கொஞ்சம். (ரப்பர் ஆணுறையை எண்ணெய் பலவீனமாக்கும் என்பதால் அப்போது அது கூடாது.) வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உறவு கொள்வதையும் நிறுத்தச் சொல்கிறார் டாக்டர். ஒவ்வொரு வலியும் தசையின் இறுக்கத்தை உறுதிப்படுத்தும் என்பதைக் கணவரையும் உட்காரவைத்து விளக்குகிறார்.

அடுத்தது லிடோகெய்ன் 5 சதவீத களிம்பு. வலிக்கும் இடத்தில் மட்டும் சிறிதளவு பூசினால் முதலில் சில நிமிடம் எரிந்து, பிறகு மரத்துப்போகும். அந்த நேரம் நிம்மதி தரும், ஆனால் அதுமட்டும் போதாது.

அதிகம் பயன் தருவது இடுப்புத்தள பிசியோதெரபி. கனடாவின் கியூபெக்கில் 212 பெண்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினர் பத்து வாரம் பிசியோதெரபிக்குச் சென்றார்கள், மறுபாதியினர் இரவுதோறும் லிடோகெய்ன் பூசினார்கள். பிசியோதெரபி பெற்றவர்களிடம் வலி தெளிவாக அதிகம் குறைந்தது. இதில் முதலில் கற்பது தசையைத் தளர்த்துவதுதான். வயிறு உப்ப மூச்சை இழுக்கும்போது கீழ்த்தசை இறங்கி விரிவதை உணர்வது, பிறகு சிகிச்சையாளர் விரலால் இறுகிய இடங்களை நெகிழ்த்துவது, அதற்குப்பின் வீட்டில் மிகச் சிறிய டைலேட்டரில் தொடங்கி மெல்லப் பழகுவது. இணையத்தில் பார்த்துவிட்டுத் தசையை இறுக்கும் கெகல் பயிற்சியைச் செய்தால், ஏற்கெனவே இறுகியவர்களுக்கு வலி கூடலாம்.

தொடாமலே நாள் முழுக்க எரிபவர்களுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மாத்திரை தரப்படுவதுண்டு. மனச்சோர்வுக்குப் பயன்படும் மாத்திரை என்றாலும் இங்கே நோக்கம் வேறு. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் வரலாம், பலன் தெரிய வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தக் கூடாது. தொட்டால் மட்டும் வலிப்பவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளின் பலன் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. அதனால் கலாவுக்கு டாக்டர் எழுதித் தரவில்லை.

நான்காவது மாதம் அதே பஞ்சுக் குச்சிச் சோதனை. எட்டு என்றவள் மூன்று என்கிறாள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இன்னும் கொஞ்சம் எரிகிறது. முழுதாகத் தீராத இந்த நிலையும் சிகிச்சையின் வெற்றியே. எல்லா வழிகளும் பலனளிக்காமல், வலி வாசலில் மட்டும் இருந்தால், அந்தத் திசுவை அகற்றும் அறுவைச் சிகிச்சை உண்டு. பலருக்கு அது நல்ல பலன் தருகிறது, ஆனாலும் அது கடைசி வழிதான்.

எல்லா எரிச்சலும் வல்வோடைனியா ஆகிவிடாது. வெள்ளைத் திட்டு, புண், வெடிப்பு, இரத்தக்கசிவு இருந்தால் தோல் நோயைத் தேட வேண்டும். மாதவிலக்கு நின்ற பின்னோ, பால் கொடுக்கும் காலத்திலோ வந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைவு காரணமாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. உட்கார்ந்தால் வலித்து, எழுந்தால் விட்டுவிட்டால் இடுப்பு நரம்பு ஒன்று நசுங்கியிருக்கலாம். ஆகவே மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது எப்போது தொடங்கியது, தொட்டால் மட்டும் வருகிறதா, எந்த இடத்தில், இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "கல்ச்சரில் பூஞ்சை இல்லை என்றால், பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தொட்டுப் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள்.